பீரோவில் பூட்டிய ரிப்போர்ட்

கல்யாணமாகி ஆறு மாதம் ஆனால் போதும், "விசேஷம் ஏதாச்சும் உண்டா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கேள்வி பெண்ணிடம்தான் வரும். மருத்துவமோ, கருத்தடை இல்லாமல் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காதபோதுதான் அதைக் குழந்தையின்மை என்கிறது. பெண்ணுக்கு 35 வயதாகிவிட்டால் ஆறு மாதம். அப்போதும் இருவரையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். ஏனென்றால் குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது.

பல வீடுகளில் நடப்பது இப்படித்தான். மாமியார் மருமகளை முதலில் கோயிலுக்கு அழைத்துப்போவார், பிறகு டாக்டரிடம். ரத்தப் பரிசோதனை, முட்டை வளர்வதைப் பார்க்க அடுத்தடுத்து ஸ்கேன், கருக்குழாய் அடைப்பைப் பார்க்கச் சாயம் செலுத்தி எடுக்கும், வலி மிகுந்த எக்ஸ்ரே. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், இரண்டாம் வருஷம், கணவர் மனசில்லாமல் விந்துப் பரிசோதனைக்குப் போவார். இருப்பதிலேயே எளிய சோதனை அது. இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டு ஒரு டப்பாவில் மாதிரி கொடுத்தால் போதும்.

ஒரு மில்லி விந்தில் 1 கோடியே 60 லட்சம் அணுக்களாவது இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அளவுகோல். இவருக்கு 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இது முடிவான தீர்ப்பு அல்ல. ஓர் அணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆவதால், முன்பு வந்த கடும் காய்ச்சலும் எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். மறுபடி சோதிக்க வேண்டும். விரைப்பையில் நரம்பு சுருண்டிருந்தால் பலருக்கு அறுவை சிகிச்சை உதவும்.

ஆனால் ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடுகிறது. "வெளியில சொல்லிடாத" என்கிறார் கணவர். அவளும் சொல்வதில்லை. வளைகாப்புக்கு அழைத்துவிட்டு வளையல் போடும்போது ஒதுக்குகிறார்களே, அப்போதும் வாய் திறப்பதில்லை. அவருடைய மானத்தைக் காக்கத் தானே மலடி என்ற பெயரைச் சுமக்கிறாள்.

சுவரெங்கும் ஒட்டிய 'ஆண்மைக்குறைவு' விளம்பரங்கள் செய்த வேலை இது. உறவு கொள்ள இயலாமை வேறு, அணுக்குறைவு வேறு. இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவுகூட, உறவே நடக்காத இயலாமையைத்தான் திருமணத்தை ரத்து செய்யக் காரணமாக்குகிறது, பிள்ளையில்லாததை அல்ல.

மௌனம் படுக்கையறைக்கும் வருகிறது. "இன்னைக்கு சேர்ந்திருங்க" என்று டாக்டர் தேதி குறிக்க, உறவு கடமையாகிறது. அந்தப் பதற்றத்திலேயே அவருக்கு முடியாமல் போகிறது. அவளுக்கோ ஒவ்வொரு மாதவிலக்கும் ஒரு சாவு. விசேஷ வீடுகளைத் தவிர்ப்பதில் தொடங்கி, தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

செயற்கைக் கருத்தரிப்பு மையங்கள் தம்பதிக்கு ஆலோசனை தர வேண்டும் என்கிறது 2021ஆம் ஆண்டுச் சட்டம். அந்த அறையில் முதலில் பேசித் தீர்க்க வேண்டியது, வீட்டில் யார் என்ன சொல்வது என்பதுதான். கணவர் ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டியதில்லை. "டாக்டர் எங்க ரெண்டு பேருக்கும் வைத்தியம் பாக்குறாரும்மா. இனிமே எது கேக்கணும்னாலும் என்கிட்ட கேளுங்க" என்று அம்மாவிடம் அவர் சொன்னால் போதும்.