ஒரே எழுத்தில் ஓர் ஊர்

பிலிப்பைன்ஸின் அல்பாய் மாகாணத்தில் ஓவாஸ் என்றொரு ஊர். அங்குள்ள பழைய குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் பெயர் ‘ஆர்’ என்ற எழுத்தில்தான் தொடங்கும். அதற்குக் காரணம் ஒரு பட்டியல்.

ஸ்பானிய ஆட்சியில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ‘தெ லா குரூஸ்’, ‘தெ லோஸ் சாந்தோஸ்’ போன்ற பக்திப் பெயர்களையே விரும்பிச் சூடினார்கள். அண்ணனுக்கு ஒரு பெயர், தம்பிக்கு வேறொன்று. யார் எந்த வீடு, யார் வரி கட்டவில்லை என்று அதிகாரிகளால் பிரித்தறிய முடியவில்லை.

1849 நவம்பர் 21 அன்று தலைமை ஆளுநர் நார்சிசோ கிளவேரியா ஆணையிட்டார். சுமார் 61,000 பெயர்கள் அகரவரிசையில் அச்சாயின. ஸ்பானியச் சொற்களோடு உள்நாட்டுச் சொற்களும் அவற்றில் இருந்தன. அந்தப் பக்கங்கள் மாகாணங்களுக்கும், அங்கிருந்து ஊர்களுக்கும் பிரிந்து சென்றன. குடும்பத்தில் மூத்தவர் தம் ஊருக்கு வந்த பக்கத்திலிருந்து ஒரு பெயரைத் தேர்ந்தார், அல்லது அவருக்கு ஒதுக்கப்பட்டது. பிள்ளைகளுக்கும் அதுவே பெயர். தந்தையை இழந்த பிள்ளைகளுக்குத் தந்தைவழி உறவினரின் பெயர்.

நான்கு தலைமுறையாக ஒரே பெயரைக் காத்துவந்த குடும்பங்களுக்கு விலக்கு உண்டு.

ஆகவே ஸ்பானியப் பெயரை வைத்து ஸ்பானிய வம்சாவளி என்று முடிவுகட்ட முடியாது. ஒரே பெயர் கொண்ட இருவர் உறவினராகவே இல்லாமலும் இருக்கலாம்.