உடலும் நோயும் – 14
புழுக்கொடியலும் தாடை மூட்டும்

பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். தீவுப் பகுதியில் மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிடும் பண்டம் அது. பல் விழுந்தவர்கள் இடித்துத்தான் சாப்பிடுவார்கள், அத்தனை கடினம். நயினாதீவில் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கக் கொடுப்புப் பல்லைப் பிடுங்கிய பிறகு வலப்பக்கத்தாலேயே மெல்லுகிறார். பின்னேரம் ஓலைப்பெட்டி இழைத்தபடி புழுக்கொடியல் கடிக்கிறார். வாய் வெறுமையாக இருக்கும்போதும், வேலையில் கவனம் கூடக்கூடப் பல்லை இறுக்கிக்கொள்கிறார். சில வாரங்களில் வலக்காது குத்துகிறது. மருந்து விட்டும் குறையவில்லை. வாய் திறந்தால் ‘டிக்’ என்று சத்தம் வேறு.

காதில் குறையில்லை. காதுக்கு நேர் முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள்; அசைவது தாடை மூட்டு. எலும்புகளுக்கிடையே மெத்தை போல ஒரு சவ்வுத் தட்டு உண்டு. அது முன்னே நழுவியிருந்தால், வாய் திறக்கையில் மீண்டும் இடத்துக்கு வரும். அந்தச் சத்தமே ‘டிக்’. நோவில்லாத சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. நோவு பெரும்பாலும் ஓய்வில்லாமல் உழைத்த மெல்லும் தசைகளிலிருந்து வருவது.

தாடை மூட்டையும் காது உபாதையையும் தொடர்புபடுத்தி 1934இல் எழுதியவர் அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை வைத்தியர் ஜேம்ஸ் கோஸ்டன். பின்பற்கள் இழந்ததே காரணம் என்றார். அந்த விளக்கம் பிற்பாடு நிலைக்கவில்லை. ஆகவே இந்த நோவுக்காக நல்ல பற்களை அராவிச் சமன்செய்ய யாரும் அவசரப்பட வேண்டாம்.

அந்தப் பெண் செய்ய வேண்டியது வேறு. சில வாரங்களுக்குப் புழுக்கொடியலை விட்டு, குழைந்த சோறு, மீன், முள்ளில்லாத ஒடியல் கூழ் என்று சாப்பிட வேண்டும். கன்னத்தில் 15 நிமிடம் இளஞ்சூட்டு ஒத்தணம் கொடுக்கலாம். கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே கையால் தாங்கி, வாய் அகலத் திறக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் விடக் கடினம் பல்லிறுக்கத்தை விடுவது. உதடு மூடியிருந்தாலும் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமலிருப்பதே தாடையின் ஓய்வு நிலை. ஒவ்வொரு ஓலையை எடுக்கும்போதும் பற்கள் தொடுகின்றனவா என்று கவனித்தால் பழக்கம் மெல்ல விடும். பெரும்பாலானோருக்கு இவ்வளவே போதும்.

திடீரென்று சத்தம் நின்று, வாயும் திறக்க மறுத்தால் தட்டு முன்னே சிக்கியிருக்கலாம். சாதாரணமாக மூன்று விரல் அகலம் வாய் திறக்கும். இரண்டு விரலே நுழைந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். நடந்தால் வந்து, நின்றால் குறையும் தாடை நோவு இதயத்தினுடையதாக இருக்கலாம். அதற்கு உடனே ஆஸ்பத்திரி.

பாக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு சொல். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க முடியாமல் போய், உறைப்புப் பட்டால் எரிந்து, கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகினால் அது மூட்டு நோயல்ல. பாக்கினால் வரும் இறுக்கம், புற்றுநோயாக மாறக்கூடியது. ஒத்தணம் பார்த்துக்கொண்டு இருக்காமல் பாக்கை நிறுத்திவிட்டு அடுத்த படகிலேயே குறிகட்டுவானுக்கு ஏறுங்கள்.