மேனேஜர் இல்லாத கட்டத்தில் யார் பெயரை எழுதுவது?

திருமுல்கேரியிலிருந்து ஹைடெக் சிட்டி பக்கம் வேலை தேடிப் போகும் பிள்ளைகள் இன்டர்வியூவில் தடுமாறுவதைவிட, ஆஃபர் கைக்கு வரும் நேரத்தில் நிரப்பச் சொல்லும் வெரிஃபிகேஷன் படிவத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். "இரண்டு ரெஃபரன்ஸ் தருக: பெயர், பதவி, அலுவலக மெயில், கைபேசி எண்" என்று அதில் ஒரு பகுதி இருக்கும். முன்பு வேலை செய்த இடத்தின் மேனேஜர் பெயரை எதிர்பார்த்துப் போட்ட கட்டம் அது. வேலையே பார்க்காதவர் அங்கே யாரை எழுதுவது?

கல்லூரிப் பேராசிரியரை எழுதலாமா என்று ரெக்ரூட்டரிடம் கேட்கவே பலர் தயங்குகிறார்கள். கேட்டால் அனுபவம் இல்லை என்பது வெளிப்பட்டுவிடும் என்ற பயம். பயோடேட்டாவைப் படித்துத்தானே உங்களைக் கூப்பிட்டார்கள்? புதிதாகப் படித்து முடித்தவர்களிடம் ப்ராஜெக்ட் கைடு, துறைத் தலைவர், பிளேஸ்மென்ட் ஆபீசர் ஆகியோரின் பெயரைப் பல நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன. சில, ஒரு பெயராவது வேலை செய்த இடத்திலிருந்து வேண்டும் என்கின்றன. இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால்தான் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

லால்பஜாரில் குடியிருக்கும் ஒரு பி.காம். பட்டதாரிப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதம் ஒரு சிறிய கடையில் கணக்கு எழுதியிருக்கிறார்; வேறு அனுபவம் இல்லை. கடையில் இருபது பேருக்குக் குறைவாகவே வேலை செய்கிறார்கள், பி.எஃப். கட்டாயமில்லை. ஆகவே யு.ஏ.என். எண்ணைத் தட்டிப் பார்த்து அவருடைய வேலையை உறுதி செய்ய வழியில்லை. முதலாளியிடம் அலுவலக மெயிலும் கிடையாது. அந்த வேலை உண்மையாகவே இருந்தும், சரிபார்க்கும் ஏஜென்சியின் அறிக்கையில் "உறுதி செய்ய இயலவில்லை" என்று மஞ்சள் நிறத்தில் வந்து நிற்கலாம்.

அவர் ரெக்ரூட்டருக்கு நான்கு வரி எழுதினால் போதும். "மேடம், எனக்கு ஆறு மாத அனுபவம்தான் இருக்கிறது. ஒரு ரெஃபரன்ஸாகக் கடை முதலாளியின் கைபேசி எண்ணைத் தருகிறேன். இரண்டாவதாக, கடைசி ஆண்டு ப்ராஜெக்டை வழிநடத்திய பேராசிரியரைத் தரலாமா? அவரிடம் கல்லூரி மெயில் இருக்கிறது. ஏற்கமாட்டீர்கள் என்றால் யாரைத் தரலாம் என்று சொல்லுங்கள்." இதை மெயிலிலேயே கேட்க வேண்டும். படிவத்தைச் சரிபார்ப்பது பெரும்பாலும் வெளி ஏஜென்சி. ரெக்ரூட்டர் போனில் சரி என்று சொன்னது அவர்களுக்குத் தெரியாது. நாளைக்குப் படிவம் திரும்பி வந்தால் காட்டுவதற்கு அந்தப் பதில் வேண்டும்.

எந்த ஆசிரியர் என்பதும் முக்கியம். பெரிய பதவியில் இருக்கிறார் என்பதற்காக, உங்கள் முகமே நினைவில்லாத முதல்வரை எழுதாதீர்கள். எத்தனை ஆண்டாகத் தெரியும், என்ன வேலை செய்தார், சொன்ன நாளில் முடித்தாரா, மற்றவர்களோடு எப்படிப் பழகினார் என்றுதான் கேட்பார்கள். ப்ராஜெக்ட் கைடால் இதற்குப் பதில் சொல்ல முடியும். எண்ணைக் கொடுக்கும் முன் அவரிடம் அனுமதி கேட்டு, எந்த வேலை, எந்த நிறுவனம், ப்ராஜெக்டின் தலைப்பு என்ன என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அவர் எப்போது வகுப்பில் இருப்பார் என்பதையும் படிவத்தில் குறித்துவிடலாம்; பாடம் நடத்தும் நேரத்தில் அழைத்து, எடுக்கவில்லை என்று விட்டுவிடுவது உண்டு. சொந்த ஜிமெயிலை விடக் கல்லூரி மெயிலே மேல். "யாருக்காயினும்" என்று தொடங்கும் பழைய நன்னடத்தைச் சான்றிதழ் இந்தக் கட்டத்தை நிரப்பாது. அவர்களுக்கு வேண்டியது பேசக்கூடிய ஒரு மனிதர்.

ஆசிரியர்கள் எல்லா மாணவரையும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள், அதனால் பயனில்லை என்று சில எச்.ஆர். அதிகாரிகள் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

எனக்கு இருக்கும் கவலை வேறு. காலிக் கட்டத்தைப் பார்த்து வெட்கப்படும் பிள்ளையிடம், "என் நண்பனை மேனேஜர் என்று போட்டுக்கொள், போன் வந்தால் அவன் பேசுவான்" என்று சொல்ல இந்த நகரத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வருட அனுபவச் சான்றிதழே அடித்துத் தருபவர்களும் பிடிபட்டிருக்கிறார்கள். கைபேசியில் பேசி ஏமாற்றிவிடலாம் என்று நினைக்கும் பிள்ளைக்கு, ஏஜென்சி அந்த நிறுவனத்தின் எச்.ஆரைத் தனியாகக் கேட்கும், பி.எஃப். பதிவையும் தேடும் என்பது தெரிவதில்லை. ஆசிரியர் பெயரை எழுதலாமா என்று கேட்கத் தயங்கிய ஒரே காரணத்தால், நல்ல பிள்ளை பொய்க்குள் போய் விழுகிறது. "உறுதி செய்ய இயலவில்லை" என்று மஞ்சளில் வந்தால் விளக்கம் கொடுத்து மீளலாம். பொய் என்று சிவப்பில் வந்தால் மீள்வது மிகக் கடினம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் ஆஃபர் கடிதத்தை உட்கார்ந்து முழுதாகப் படித்துப் பாருங்கள். கொடுத்த தகவல் பொய் என்று பின்னால் தெரிந்தால், வேலையில் சேர்ந்த பிறகும் நீக்கலாம் என்ற நிபந்தனை பெரும்பாலான கடிதங்களில் இருக்கும்.