உங்களுக்குத் தெரியுமா? வணக்கத்துக்கு 7, நன்றிக்கு 5

தமிழில் அனுப்பும் ஓர் எஸ்எம்எஸ்ஸில் வழக்கமாக 70 இடங்கள்தான் உண்டு. ஆங்கிலத்துக்கு 160. ஆங்கிலச் செய்திக்கு நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்தைப் போட்டாலும் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும்.

நம் கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவதைப் போன் இரண்டாக எண்ணும். ‘க’ ஒன்று, ‘கி’ இரண்டு, புள்ளி வைத்த ‘க்’கும் இரண்டு. ‘ஸ்ரீ’ நான்கு. ஸ்ரீரங்கம் என்று ஊர்ப்பெயரை எழுதி முடிப்பதற்குள் பத்து இடம் போய்விடுகிறது!

செய்தியைச் சுருக்கச் சொன்னால் பலரும் முதலில் வெட்டுவது வணக்கத்தையும் நன்றியையும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ‘வணக்கம்’ 7, ‘நன்றி’ 5, ஆக 12. அதே செய்தியின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் ‘தெரிவித்துக்கொள்கிறோம்’ மட்டும் 22. வெட்ட வேண்டியது அதை. அதனால் யாருடைய மரியாதையும் குறையாது.

‘தாங்கள்’ என்பதையும் பெரும்பாலும் விட்டுவிடலாம். ‘வருவீர்களா?’ என்ற வினைமுற்றுக்குள்ளேயே முன்னிலையும் மரியாதையும் இருக்கின்றன. ஆனால் ‘சொல்லுங்கள்’ என்பதைச் ‘சொல்லவும்’ ஆக்காதீர்கள். மிச்சமாவது இரண்டே இடம். வந்து சேர்வதோ அறிவிப்புப் பலகையின் குரல். உறவுக்காரர்களுக்கு அனுப்பும் செய்தியில் அது எனக்குப் பிடிப்பதில்லை.

சித்தப்பாவின் சஷ்டியப்தபூர்த்தி ஸ்ரீரங்கத்தில் நடந்தது. உறவில் பெரியவர்கள் சிலரிடம் பட்டன் போன்தான் என்பதால் எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டியிருந்தது. தம்பி முதலில் எழுதியது, ‘மதிப்பிற்குரிய உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் பணிவான வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று தொடங்கி நீண்டுகொண்டே போனது. வேன் எங்கே நிற்கும் என்பது மூன்றாவது வாக்கியத்தில்தான் வந்தது. நான் இப்படிக் குறைத்தேன்:

‘வணக்கம். ஞாயிறு காலை 7க்குச் சத்திரத்தில் வேன். எத்தனை பேர்? நன்றி.’

எண்ணினால் 67. ஒரே செய்திக்குள் அடங்கிவிட்டதில் எனக்குப் பெருமை. ஞாயிற்றுக்கிழமைதான் தப்பு தெரிந்தது. திருச்சிக்காரர்களுக்குச் ‘சத்திரம்’ என்றால் சத்திரம் பஸ் ஸ்டாண்ட். முசிறியிலிருந்தும் லால்குடியிலிருந்தும் வந்தவர்கள் நேராக அங்கே இறங்கி வேனில் ஏறிவிட்டார்கள். சென்னையிலிருந்து வந்த பெரியப்பாவோ, தாங்கள் தங்கியிருந்த சத்திரத்தின் வாசலில் வேஷ்டியும் அங்கவஸ்திரமுமாக அரை மணி நேரம் நின்றிருக்கிறார். “சத்திரத்துலன்னுதானேம்மா போட்டிருந்தே?” என்று அவர் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. அவர் படித்ததில் பிழையே இல்லை.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். ‘எத்தனை பேர்?’ என்று மட்டும் கேட்டது பெரியவர்களிடம் கேட்கிற கேள்வியாக இல்லை. திருத்தினால் இப்படி வரும்:

‘வணக்கம். ஞாயிறு காலை 7க்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வேன். எத்தனை பேர் வருவீர்கள்? நன்றி.’

இது 89. எழுபதைத் தாண்டியதால் இரண்டு செய்தியாகப் பிரிந்து போகும். வாங்கும் போன் அதை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும். பிரியும்போது ஒவ்வொரு துண்டுக்கும் 67 இடம்தான், ஒட்டுவதற்கான குறிப்பு மீதியைப் பிடித்துக்கொள்ளும். ஆக எழுபதைத் தாண்டிவிட்டால் அடுத்த எல்லை 134. அந்த இரண்டாவது துண்டின் காசைப் பார்த்து இடப்பெயரையும் வினைமுற்றையும் வெட்டக் கூடாது.

வாட்ஸ்அப்பில் இந்த எண்ணிக்கைத் தொல்லை கிடையாது. ஆனால் அரட்டைப் பட்டியலில் செய்தியின் தொடக்கம் மட்டுமே கண்ணில் படும். ‘மதிப்பிற்குரிய உறவினர்கள் அனைவருக்கும்’ என்று ஆரம்பித்தால் அந்த இடம் அதிலேயே தீர்ந்துவிடும். ‘வணக்கம். ஞாயிறு காலை 7க்குச்…’ என்றால் திறக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வணக்கத்தை முன்னால் வைப்பதில் தவறில்லை, ஒரு சொல்லோடு நிற்க வேண்டும்.

தபால் கார்டு காலத்தின் ‘நலம், நலமறிய அவா’ நினைவிருக்கிறதா? தன் நலத்தைச் சொல்லி, எதிராளியின் நலத்தைக் கேட்டு, கேட்கும் ஆவலையும் காட்டிவிடுகிறது. காற்புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்து 16 இடம்தான்.

2013 ஜூலையில் நிறுத்தப்பட்ட தந்தியில் வாழ்த்து வாசகங்களுக்கு எண்களே இருந்தன. படிவத்தில் எண்ணை மட்டும் எழுதினால் போதும். அந்தப் பக்கத் தந்தி அலுவலகம் முழு வாசகத்தையும் எழுதிக் கொடுத்துவிடும். சுருக்கம் கம்பியோடு நின்றது, கல்யாண வீட்டுக்கு வாழ்த்து முழுசாகவே போய்ச் சேர்ந்தது.

கைகூப்பும் இமோஜிக்கு இரண்டே இடம். ஆனால் அது வணக்கமா, நன்றியா, அஞ்சலியா என்று படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். துக்கம் கேட்டு வந்தவர்களுக்கு நன்றி சொல்லும்போது மட்டுமாவது அந்த ஐந்து இடத்தையும் செலவழித்து ‘நன்றி’ என்று எழுதிவிடுங்கள்.