எஃப்.டி.யை இடையில் முறித்தால் கைக்கு வருவது எவ்வளவு?

மருத்துவச் செலவு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், மனைக்கு முன்பணம் என்று அவசரம் வரும்போது பெரும்பாலானோர் கை வைப்பது வங்கியில் போட்ட எஃப்.டி.யில்தான். முதிர்வுக்கு முன்பே எடுத்தால் அரை சதவீதம் அபராதம் என்று வங்கியில் சொல்லியிருப்பார்கள். 7 சதவீத வட்டியில் அரை போனால் ஆறரை கிடைக்கும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு போகிறோம். கணக்கில் வரவாகும் தொகையோ அதைவிடக் கணிசமாகக் குறைகிறது. வங்கி தவறு செய்துவிட்டதோ என்று தோன்றும். பெரும்பாலும் தவறில்லை. அபராதத்தைத் தவிர இன்னொரு வெட்டும் இருக்கிறது, அதுதான் பெரியது. அதை யாரும் நமக்கு விளக்கிச் சொல்வதில்லை.

வங்கியின் பார்வையில், 3 ஆண்டுக்கான 7 சதவீதம் என்பது 3 ஆண்டும் பணத்தை விட்டுவைப்பவருக்கான விலை. 9 மாதத்தில் எடுத்துவிட்டால், நீங்கள் 9 மாதத்துக்கு மட்டுமே பணம் போட்டவர். ஆகவே நீங்கள் டெபாசிட் போட்ட அன்று 9 மாதத்துக்கு என்ன வட்டி இருந்ததோ, அந்த விகிதத்துக்கு முதலில் இறக்குவார்கள். அதிலிருந்துதான் அபராதத்தைக் கழிப்பார்கள். இன்றைய வட்டி விகிதத்துக்கு இதில் வேலையில்லை. அந்தப் பழைய விகிதம் உங்கள் ஒப்பந்த வட்டியைவிட அதிகமாக இருந்தால் அதுவும் கிடைக்காது. இரண்டில் எது குறைவோ அதுவே அடிப்படை.

ஓர் உதாரணம் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று விகிதங்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஒருவர் 4,00,000 ரூபாயை 3 ஆண்டுக்கு 7 சதவீதத்தில் போடுகிறார். வட்டி காலாண்டுக்கு ஒருமுறை அசலோடு சேரும். அன்றைய வட்டிப் பட்டியலில் 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் என்றால் 5.75 சதவீதம், ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள் என்றால் 6.6 சதவீதம். சரியாக 9 மாதத்தில் அவர் எஃப்.டி.யை முறிக்கிறார்.

7 சதவீதத்தில் 9 மாதத்துக்குச் சேர்ந்திருக்கும் வட்டி சுமார் 21,370 ரூபாய். அரை சதவீதம் மட்டும் குறைந்தால் 19,819 வரும். அவர் எதிர்பார்த்து வந்தது இதைத்தான். உண்மையில் வங்கி 5.75-இல் அரையைக் கழித்து 5.25 சதவீதத்தில் கணக்கிடும். வட்டி 15,958 ரூபாய்தான். ஆக மொத்தம் 5,400 ரூபாய்க்கு மேல் இழப்பு. அதில் அபராதத்தின் பங்கு மூன்றில் ஒன்றுகூட இல்லை. மீதியெல்லாம் காலவரம்பு மாறியதால் போனது.

இதே டெபாசிட்டைக் காலாண்டு வட்டியைக் கையில் வாங்கும் வகையில் போட்டிருந்தால் மனசு இன்னும் அதிகமாக அடித்துக்கொள்ளும். ஓய்வூதியம் இல்லாத பெரியவர்கள் பலர் இப்படித்தான் போடுகிறார்கள். மூன்று காலாண்டுக்கும் 7,000 ரூபாய் வீதம் 21,000 ரூபாய் ஏற்கெனவே அவர்கள் சேமிப்புக் கணக்குக்கு வந்து, வீட்டுச் செலவில் கரைந்திருக்கும். முறிக்கும்போது 5.25 சதவீதப்படி காலாண்டுக்கு 5,250 வீதம் 15,750 ரூபாய்க்குத்தான் உரிமை. கூடுதலாகக் கொடுத்த 5,250 ரூபாயை வங்கி அசலிலிருந்து எடுத்துக்கொள்ளும். 4,00,000 போட்டவருக்கு 3,94,750 வரும். "என் அசலையே குறைத்துவிட்டார்களே" என்று கவுன்ட்டரில் ஒரு முதியவர் கலங்கினால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். இதை டெபாசிட் போடும் அன்றே அவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முறிக்கும் தேதியும் முக்கியம். நம் உதாரணக்காரர் எப்படியாவது இன்னும் 3 மாதம் சமாளித்து, ஓராண்டு முடிந்தபின் முறித்தால் அடிப்படை விகிதம் 6.6 ஆகிவிடும். அபராதம் போக 6.1 சதவீதம். வட்டி சுமார் 24,964 ரூபாய். அந்த 3 மாதக் காத்திருப்பு மட்டும் 9,000 ரூபாய் தருகிறது. முறிக்க நினைக்கும் நாள் அடுத்த காலவரம்பைத் தொட இன்னும் சில நாளோ சில வாரமோ இருந்தால், யாரிடமாவது கைமாற்று வாங்கியாவது அந்த நாளைத் தாண்டப் பாருங்கள். 444 நாள், 400 நாள் என்று வரும் சிறப்பு டெபாசிட்டுகளை இடையில் முறித்தால், அந்தச் சிறப்பு வட்டி போய், சாதாரணப் பட்டியலின் விகிதத்துக்கு இறங்கிவிடுவோம். 7 நாள்கூட ஆகாமல் முறித்தால் வட்டியே கிடையாது.

தேவை தற்காலிகமானது என்றால், முறிக்காமல் அந்த எஃப்.டி.யின் மீதே கடன் வாங்குவது பெரும்பாலும் லாபம். பல வங்கிகள் டெபாசிட் தொகையில் 90 சதவீதம் வரை, டெபாசிட் வட்டியைவிட 1 சதவீதம் கூடுதலாக வைத்துக் கடன் தருகின்றன. நம்மவருக்குத் தேவை 1,50,000 ரூபாய், 3 மாதத்தில் திருப்பிவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீதத்தில் 3,000 ரூபாய் வட்டி கட்ட வேண்டும். அதே சமயம் அந்த ஒன்றரை லட்சமும் டெபாசிட்டில் 7 சதவீதம் சம்பாதித்துக்கொண்டே இருக்கிறது. நிகரச் செலவு ஏறக்குறைய 375 ரூபாய்தான். முறித்தால் போவது 5,400. டெபாசிட் வட்டிக்கு வருமான வரி உண்டு, கடன் வட்டியை அதில் கழிக்க முடியாது என்பதால் வரி கட்டுபவருக்கு வித்தியாசம் கொஞ்சம் சுருங்கும். கடனைத் திருப்பவே வழியில்லை என்றால் மட்டும் முறிப்பது மேல்.

80சி வரிச் சலுகைக்காகப் போட்ட 5 ஆண்டு டெபாசிட்டை இடையில் எடுக்கவும் முடியாது, அதன் மீது கடனும் வாங்க முடியாது. டெபாசிட்தாரர் இறந்துவிட்டால் நிலைமை வேறு. அப்போது முதிர்வுக்கு முன் எடுக்கும் குடும்பத்தாரிடம் வங்கிகள் பொதுவாக அபராதம் பிடிப்பதில்லை. பிடித்திருந்தால் காரணம் கேளுங்கள்.

அபராதம் எவ்வளவு என்பதை ரிசர்வ் வங்கி நிர்ணயிப்பதில்லை, ஒவ்வொரு வங்கியும் தானே வைத்துக்கொள்கிறது. டெபாசிட் வாங்கும்போதே அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது மட்டும் விதி. எனவே படிவத்தில் கையெழுத்துப் போடுமுன், எந்த விகிதத்தை அடிப்படையாக எடுத்தார்கள், எவ்வளவு கழித்தார்கள், ஏற்கெனவே கொடுத்த வட்டியில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டெபாசிட் போட்ட தேதியின் வட்டிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

அடுத்த முறை டெபாசிட் போடும்போது மொத்தப் பணத்தையும் ஒரே ரசீதில் போடாதீர்கள். 4 லட்சத்தை நான்கு ஒரு லட்சமாகப் போட்டால், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் முறித்தால் போதும்; மற்ற மூன்றும் 7 சதவீதத்திலேயே ஓடும். பாரத ஸ்டேட் வங்கி போன்றவற்றில் 5 லட்சம் வரையிலான டெபாசிட்டுக்கு அபராதம் அரை சதவீதம், அதற்கு மேற்பட்டதற்கு 1 சதவீதம். 8 லட்சம் வைத்திருப்பவர் அதை இரண்டு 4 லட்சமாகப் பிரித்துப் போடுவதே நல்லது.