‘1,330 குறள்’னு எழுத அடிக்குறிப்பு வேணுமா?

ஆய்வேட்டில் ஒவ்வொரு வரிக்கும் மூலம் காட்டணுமா? வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த, யாரும் மறுக்காத தகவலை அப்படியே எழுதலாம். அந்த ‘எல்லோரும்’ யார் என்பதில்தான் சிக்கல்.

‘திருக்குறளில் 1,330 குறள்கள் உள்ளன.’ தமிழ்த் துறையில் இதற்கு அடிக்குறிப்பு போட்டால் வழிகாட்டியே சிரிப்பார். இதே வரி லண்டனில் வெளியாகும் பொருளாதார இதழுக்குப் போகிறது என்றால், வாசகருக்குக் குறளே புதுசு. ஒரு பதிப்பையாவது காட்டணும்.

பலரும் மாட்டுற இடம் அடுத்த வரி: ‘வள்ளுவர் பிறந்தது கி.மு. 31.’ தமிழக அரசு காலண்டரில் திருவள்ளுவர் ஆண்டே இந்தக் கணக்கில்தான் ஓடுது. பள்ளிக் கட்டுரையில் யாரும் ஆதாரம் கேட்க மாட்டாங்க. இலக்கிய வரலாற்றிலோ இது தீராத வழக்கு. கமில் சுவலபில் குறளை கி.பி. 450-500 காலத்தில் வைத்தார். வையாபுரிப் பிள்ளை அதற்கும் பின்னால் கொண்டுபோனார். ஆக, துறை ஆட்களுக்கு எழுதும்போது முதல் வரிக்கு மூலம் தேவையில்லை, இரண்டாவதுக்குக் கட்டாயம் தேவை. நிபுணருக்கு எழுதினால் மேற்கோள் குறையும்னு நினைப்பது பாதிதான் சரி.

சந்தேகமா? உங்க துறையின் நாலைந்து நூல்களைப் புரட்டுங்க. எல்லாவற்றிலும் மூலம் இல்லாமல் ஒரே தகவல் வந்தால் விட்டுடலாம். ஆளுக்கொரு ஆண்டு வந்தால் போட்டே ஆகணும்.

ஆனால் 1,330 என்ற எண்தான் பொதுச்சொத்து. அதை ஒரு உரையாசிரியர் விளக்கிய வாக்கியத்தை அப்படியே எடுத்தால், மேற்கோள்குறியும் அவர் பெயரும் வந்தாகணும்.