இடத்தை விட்டுக்கொடுக்க என்ன விலை?

சிகாகோவிலிருந்து நியூவார்க் போகும் மாலை விமானம். ஏறும் நேரம் நெருங்கும்போது கேட்டில் இருக்கும் ஊழியர் மைக்கை எடுக்கிறார். விமானத்தில் மூன்று பேருக்கு இடம் இல்லை; நாளைக் காலை ஏழு மணி விமானத்தில் போகச் சம்மதிப்பவர்களுக்கு 300 டாலர் வவுச்சர் தருகிறோம் என்கிறார். கூட்டத்தில் யாராவது ஒருவர் உடனே கையைத் தூக்குவார். மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா போய்த் திரும்பும் நம் பெற்றோர்களில் பலர், 300 டாலரை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு எழுந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்தில் என்ன கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றும்.

டிக்கெட் வாங்கியவர்களில் சிலர் எப்படியும் வரமாட்டார்கள். அந்த இருக்கைகள் காலியாகப் பறக்க வேண்டாம் என்று விமான நிறுவனங்கள் பழைய கணக்கைப் பார்த்து இருக்கைகளைவிடச் சில டிக்கெட்டுகள் கூடுதலாக விற்கின்றன. அமெரிக்காவில் இது சட்டப்படி செல்லும். கணக்குத் தப்பி எல்லோரும் வந்துவிட்டால் யாரோ சிலர் நிற்க வேண்டும். அது யார் என்பதுதான் கேள்வி.

1970களின் நடுப்பகுதி வரை அதை நிறுவனமே முடிவு செய்தது. 1972இல் நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய ரால்ஃப் நேடரையே அலிகெனி ஏர்லைன்ஸ் ஏற்ற மறுத்தது. அவர் தொடுத்த வழக்கு 1976இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதற்கு முன்பே, 1968இல், ஜூலியன் சைமன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் ஒரு வழி சொல்லியிருந்தார்: எவ்வளவு கொடுத்தால் காத்திருப்பீர்கள் என்று பயணிகளிடமே கேளுங்கள், குறைவாகக் கேட்பவரை நிறுத்துங்கள். நிறுவனங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. ஆல்ஃப்ரெட் கான் என்ற இன்னொரு பொருளாதார அறிஞர் விமானப் போக்குவரத்து வாரியத்தின் தலைவராக இருந்தபோது, 1978இல், முதலில் தாமாக முன்வருபவர்களைத் தேட வேண்டும் என்பது விதியானது. அன்று மாலை கேட்டில் வந்த அறிவிப்பு அந்த விதியின் பிள்ளை. ஊழியர் சொன்ன 300 டாலர் ஏலத்தின் முதல் கேள்வி மட்டும்தான்.

ஏலம் எதுவரை ஏறலாம் என்பதற்குச் சட்டத்தில் உச்சவரம்பு கிடையாது. ஆனால் நிறுவனத்தின் மனதில் ஒரு கணக்கு இருக்கும். யாரும் முன்வராமல் ஒருவரை அவர் விருப்பத்துக்கு எதிராக நிறுத்தினால் என்ன ஆகும்? உள்நாட்டுப் பயணத்தில் அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல், இரண்டு மணி நேரத்துக்குள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், ஒருவழிக் கட்டணத்தின் இரண்டு மடங்கு தர வேண்டும். தாமதம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் நான்கு மடங்கு. 2025 ஜனவரி முதல் இவற்றுக்கான உச்சவரம்பு முறையே 1,075 டாலர், 2,150 டாலர். பயணி விரும்பாவிட்டால் அதை வவுச்சராகத் தந்து முடிக்க முடியாது. பணமாகவோ காசோலையாகவோ தர வேண்டும்.

இப்போது கையைத் தூக்கியவரின் டிக்கெட்டைப் பாருங்கள். ஒருவழிக் கட்டணம் 180 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை விமானம் என்பதால் தாமதம் இரண்டு மணி நேரத்தை எப்போதோ தாண்டிவிட்டது. அவரை வலுக்கட்டாயமாக நிறுத்தினால் நிறுவனம் தர வேண்டியது 720 டாலர் பணம். அவரோ அதில் பாதிகூட இல்லாத ஒரு வவுச்சருக்குச் சம்மதித்திருக்கிறார். அதே விமானத்தில் 60 டாலருக்கு டிக்கெட் வாங்கியவருக்கு நான்கு மடங்கு என்பது 240 டாலர்தான். அவருக்கு 300 டாலர் நல்ல பேரம். ஆகவே எழுந்து நிற்கும் முன் உங்கள் ஒருவழிக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். போகவர ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால் இந்தப் பயணத்துக்கான பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஊழியரிடம் நேராக ஒன்று கேட்கலாம்: "யாரும் முன்வரவில்லை என்றால் என்னை நிறுத்த வாய்ப்பு உண்டா? அப்படி நிறுத்தினால் எனக்கு எவ்வளவு வரும்?" முன்வரச் சொல்லிக் கேட்கும் பயணிக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று விதியே இருக்கிறது. கடைசியாக செக்-இன் செய்தவர், மலிவான டிக்கெட் வாங்கியவர் ஆகியோரே பெரும்பாலும் முதலில் நிறுத்தப்படுவார்கள். உங்களை நிறுத்த வாய்ப்பே இல்லை என்றால் நீங்கள் அவசரப்படத் தேவையில்லை. தொகை ஏறும்வரை உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அதற்குள் வேறு மூவர் எழுந்துவிடக்கூடும் என்ற ஆபத்தும் உங்களுடையதுதான். இதற்கு ஒரு நடுவழி உண்டு. கவுன்ட்டருக்குப் போய், "நான் தயார். ஆனால் கடைசி ஆளுக்கு என்ன தொகை கொடுக்கிறீர்களோ அதையே எனக்கும் தர வேண்டும்" என்று சொல்லிப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பல இடங்களில் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள்.

தொகையைவிட முக்கியமானது அடுத்த இருக்கை. நாளைக் காலை விமானத்தில் உறுதி செய்த இருக்கையா, ஸ்டாண்ட்பையா? ஸ்டாண்ட்பை என்றால் அங்கும் இடம் காலியானால்தான் ஏறலாம். இருக்கை எண் அச்சிட்ட போர்டிங் பாஸ் கைக்கு வரும்வரை பழைய பாஸை விடாதீர்கள். இரவு தங்க வேண்டுமென்றால் ஓட்டல், போகவரக் கார், சாப்பாடு மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். விருப்பத்துக்கு எதிராக நிறுத்தப்பட்டவருக்குச் சட்டம் தொகை நிர்ணயித்திருக்கிறது. தாமாக முன்வந்தவருக்கோ பேசி வாங்கியது மட்டுமே. வாய்விட்டுக் கேட்காதது கிடைக்காது.

வவுச்சர்தான் தருவார்கள் என்றால் அதன் ஆயுள் எவ்வளவு, எந்த நாட்களில் செல்லாது, ஒரே தடவையில் தீர்க்க வேண்டுமா, மகள் பெயரில் டிக்கெட் வாங்கலாமா என்று கேளுங்கள். கட்டுப்பாடுகளை அவர்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஊர் திரும்பும் அம்மாவுக்கு ஒரு வருடத்தில் காலாவதியாகும், பிறர் பெயருக்கு மாற்ற முடியாத வவுச்சரால் பயன் இல்லை. பணமாகக் கொடுங்கள் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பேசியதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே ஏற்றிய பெட்டி எந்த விமானத்தில் போகும் என்றும் விசாரியுங்கள். மாத்திரை அதற்குள் இருந்தால் முன்வரவே வேண்டாம்.

நியூவார்க்கிலிருந்து தனி டிக்கெட்டில் சென்னைக்குப் புறப்பட வேண்டியவரும் எழுந்து நிற்கக் கூடாது. அந்த விமானத்தைத் தவறவிட்டால் முதல் நிறுவனம் பொறுப்பேற்காது.

இந்த விதிகள் அமெரிக்காவிலிருந்து புறப்படும் விமானங்களுக்கு மட்டும். பெரிய விமானத்துக்குப் பதில் சிறியதைக் கொண்டுவந்து நிறுத்தியதால் இடம் போதாமல் போனால், அங்கும் கட்டாய இழப்பீடு கிடையாது.

இந்தியாவிலும் முதலில் விருப்பமுள்ளவர்களைத்தான் கேட்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ சொல்கிறது. அவர்களுக்கு என்ன தருவது என்பதை நிறுவனமே முடிவு செய்யலாம். ஆனால் உறுதியான டிக்கெட்டோடு நேரத்துக்கு வந்தவரை அவர் விருப்பத்துக்கு மாறாக நிறுத்தினால், முதலில் குறித்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் மாற்று விமானம் தர வேண்டும். அது முடியாமல் 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால், ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையின் இரண்டு மடங்கு, அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதமானால் நான்கு மடங்கு, அதிகபட்சம் 20,000 ரூபாய். மாற்று விமானமே வேண்டாம் என்றால் டிக்கெட் பணம் முழுவதையும் திருப்பித் தருவதோடு இந்த நான்கு மடங்கையும் தர வேண்டும். 2022 ஜூனில், இந்த விதிகளைப் பின்பற்றாததற்காக ஏர் இந்தியாவுக்கு டிஜிசிஏ 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

நம் ஊர் கவுன்ட்டரில் "சிஸ்டம் ஏற்கவில்லை", "செக்-இன் மூடிவிட்டது" என்று காரணம் சொல்லி அனுப்பிவிட்டால், நீங்கள் நேரத்துக்கு வந்ததே மறைந்துபோகும். அதனால் கவுன்ட்டரையும் கடிகாரத்தையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே வெப் செக்-இன் செய்து போர்டிங் பாஸை வைத்திருங்கள். ஏற்ற மறுத்த காரணத்தை டூட்டி மேனேஜரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். நிறுவனம் அசையவில்லை என்றால், ஏர்சேவா தளத்தில் புகார் பதியும்போது அந்தப் போட்டோவையும் அந்தக் காகிதத்தையும் சேர்த்து இணைக்கலாம்.